சமன்பாட்டில் இரண்டு மூல் அமோனியா, குழாயில் முப்பது: வெள்ளிக் குளோரைட்டு ஏன் இப்படி அடம்பிடிக்கிறது?

நிலா_உப்புவெளி

வணக்கம். திருகோணமலையில் உயர்தரம் படிக்கிறேன். போன வாரம் ஆய்வுகூடத்தில் செய்த பரிசோதனை ஒன்று கணக்கோடு ஒத்துப்போகவில்லை. ரீச்சரிடம் கேட்க நேரம் கிடைக்காததால் இங்கே கேட்கிறேன்.

முகவையில் 0.10 மூலர் வெள்ளி நைத்திரேற்று 10 மி.லீ. எடுத்து, அதனுள் 0.20 மூலர் ஐதரோக்குளோரிக் அமிலம் 10 மி.லீ. சேர்த்தோம். தயிர் திரண்டதுபோல வெள்ளை வீழ்படிவு வந்தது. பிறகு "2 மூலர்" என்று எழுதியிருந்த அமோனியாவை அளவியில் நிரப்பி, கலக்கிக்கொண்டே மெதுவாக விட்டோம்.

வீழ்படிவில் இருப்பது 1 மில்லிமூல் வெள்ளி. ஒரு வெள்ளி அயனுக்கு இரண்டு அமோனியா. அப்படியானால் 2 மில்லிமூல், அதாவது 1 மி.லீ. போதும் என்று நினைத்தோம். 1 மி.லீ. விட்டபோது ஒரு மாற்றமும் தெரியவில்லை. 5 மி.லீ. விட்ட பிறகும் அடியில் வெள்ளையாகவே கிடந்தது. ஏறக்குறைய 18 மி.லீ. விட்ட பிறகுதான் கரைசல் முழுதாகத் தெளிந்தது. பதினெட்டு மடங்கு! பக்கத்து மேசைக் குழுவுக்கோ அதற்கு மேல் விட்டும் கொஞ்சம் சாம்பல் நிறமாக மிஞ்சியது.

எங்கள் மாறிலிகள்: AgCl இன் கரைதிறன் பெருக்கம் Ksp 1.8×10⁻¹⁰, சிக்கல் அயன் Ag(NH3)2+ உருவாகும் மாறிலி β2 1.7×10⁷. β2 இவ்வளவு பெரிதாக இருந்தால் அமோனியாவைக் கண்டதும் வெள்ளி போய் ஒட்டிக்கொள்ள வேண்டாமா?

கணக்கன்_தம்பலகாமம்

தங்கச்சி, இது சுலபம். அமோனியா சேர்த்தால் வெள்ளிக் குளோரைட்டின் Ksp கூடிவிடும். இரண்டு மாறிலிகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 0.055 வரும். அமோனியாச் செறிவை அதனால் பெருக்கினால் கரைதிறன். 1 மூலர் அமோனியாவில் 0.055 மூலர் கரையும்; தூய நீரில் 1.3×10⁻⁵ தான். நாலாயிரம் மடங்கு கூடியிருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும்?

உங்கள் 1 மில்லிமூல் கரைய 20 மி.லீ. அளவு 1 மூலர் கரைசல் வேண்டும். அதாவது 2 மூலர் என்றால் 10 மி.லீ. உங்களுக்கு 18 வந்திருக்கிறது என்றால் அளவியை வாசித்ததில் பிழை. அடுத்த முறை கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து வாசியுங்கள்.

தாழை

கணக்கன் தம்பி பாதி வழி சரியாகப் போயிருக்கிறார், அந்தப் பாதி முக்கியமானதுதான். ஆனால் Ksp கூடவில்லை, அது அசையவே இல்லை. கரைசலில் தனியாக நிற்கும் வெள்ளி அயனின் செறிவையும் குளோரைட்டின் செறிவையும் பெருக்கினால், திண்மம் மிச்சமிருக்கும்வரை அதே 1.8×10⁻¹⁰ தான் வரும். அமோனியா செய்வதெல்லாம், கரைந்து வரும் வெள்ளி அயனைப் பிடித்து வைத்துக்கொண்டு தனி அயனின் செறிவைத் தாழ்த்துவதுதான். அது தாழ்ந்தால் பெருக்கத்தைக் காப்பாற்றக் குளோரைட்டு ஏற வேண்டும். குளோரைட்டு ஏற ஒரே வழி, திண்மம் கரைவது.

நிலா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். β2 பெரிதுதான். ஆனால் வெள்ளியை அமோனியா ஒரு பக்கம் இழுக்கும்போது, குளோரைட்டு மறுபக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் யார் பலசாலி என்று தெரியும்.

```
AgCl + 2NH3 ⇌ Ag(NH3)2+ + Cl-
K = Ksp × β2 = 1.8×10^-10 × 1.7×10^7 = 3.1×10^-3
√K = 0.055
```

K ஒன்றைவிடச் சின்னது. அதாவது இழுபறியில் வீழ்படிவுதான் வெல்கிறது. அமோனியா வெல்ல வேண்டுமானால் சமன்பாடு கேட்கும் அளவைவிட மிக அதிகமாகக் கரைசலில் *சும்மா* நிற்க வேண்டும். 2 மூல் என்பது வெள்ளியோடு பிணைந்து போகும் அமோனியாவின் கணக்கு மட்டுமே. K இல் வரும் [NH3] பிணையாமல் மிஞ்சி நிற்கும் அமோனியா. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் 1 மி.லீ. என்ற விடை வந்தது.

எவ்வளவு மிஞ்ச வேண்டும்? செறிவில் எழுதாமல் மில்லிமூலில் எழுதிப் பாருங்கள். சிக்கல் அயனும் குளோரைட்டும் மேலே, அமோனியாவின் வர்க்கம் கீழே. மேலே இரண்டு செறிவு, கீழே இரண்டு செறிவு, ஆகவே கனவளவு வெட்டுப்பட்டுவிடும். கழுவிச் சுத்தமாக்கிய 1 மில்லிமூல் வீழ்படிவு என்றால் 1 ஐ 0.055 ஆல் வகுத்தால் 18.2. பிணைந்த 2 ஐயும் சேர்த்தால் 20.2 மில்லிமூல். 2 மூலர் அமோனியாவில் 10.1 மி.லீ. முகவையில் முன்பே எவ்வளவு நீர் இருந்தது என்பது இந்தக் கணக்கைத் தொடவே தொடாது. நீரைக் கூட்டினால் அமோனியாவும் ஐதாகும், கரைய வேண்டிய செறிவும் அதே விகிதத்தில் ஐதாகும்.

கணக்கன் தம்பிக்கும் 10 தான் வந்தது. ஆனால் 0.055 ஐ மொத்த அமோனியாவால் பெருக்கக் கூடாது, மிஞ்சியதால்தான் பெருக்க வேண்டும். 1 மூலர் மொத்தம் என்றால் சரியான கரைதிறன் 0.050, உங்களுடைய 0.055 அல்ல. இங்கே வித்தியாசம் பத்து வீதம்தான். K பெரிதாக உள்ள வேறு உப்புக்கு அது மோசமாகக் கவிழ்த்துவிடும்.

கணக்கன்_தம்பலகாமம்

மிஞ்சிய அமோனியா என்பது விளங்குகிறது அக்கா, ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் 10 தான் வருகிறது. பிள்ளை 18 என்கிறாள். அளவி வாசிப்பில் பிழை என்று நான் சொன்னது இன்னும் நிற்கிறதே?

தாழை

நிற்கவில்லை தம்பி. நிலா எழுதியதைத் திரும்ப வாசியுங்கள். வீழ்படிவை அவர்கள் கழுவவில்லை. வடிக்கவும் இல்லை. அமிலம் சேர்த்த அதே முகவைக்குள்ளேயே அமோனியாவை விட்டிருக்கிறார்கள்.

0.20 மூலர் அமிலம் 10 மி.லீ. என்றால் 2 மில்லிமூல் குளோரைட்டு. வெள்ளி அதில் 1 ஐ எடுத்துக்கொண்டது, 1 கரைசலில் மிச்சம். முழு வீழ்படிவும் கரையும்போது குளோரைட்டு 1 அல்ல, 2 மில்லிமூல். பொது அயன் விளைவு என்று படித்திருப்பீர்களே, அமோனியாபோல உலோக அயனோடு பிணையும் இணையி உள்ள கரைசலிலும் அது விடாமல் துரத்தும். 1 ஐ 2 ஆல் பெருக்கி 0.0031 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் மிஞ்ச வேண்டிய அமோனியா 25.6 மில்லிமூல்.

அடுத்தது அமிலம். வெள்ளி குளோரைட்டைத்தான் எடுத்தது, ஐதரசன் அயனை எடுக்கவில்லை. 2 மில்லிமூல் ஐதரசன் அயனும் அப்படியே இருந்து, முதலில் வரும் 2 மில்லிமூல் அமோனியாவை அமோனியமாக்கிவிட்டது. அமோனியம் அயனில் வெள்ளிக்குக் கொடுக்க இலத்திரன் சோடி கிடையாது, அது இணையி அல்ல. நிலாவின் முதல் 1 மி.லீ. முழுவதும் அங்கேதான் போனது! அதனால்தான் "ஒரு மாற்றமும் தெரியவில்லை".

ஆக மிஞ்ச வேண்டியது 25.6, பிணைவது 2, அமிலம் தின்றது 2. மொத்தம் 29.6 மில்லிமூல், 14.8 மி.லீ.

நிலா, இப்போது 14.8 வரை வந்துவிட்டோம். மிச்ச 3 மி.லீ. பற்றி ஒரு கேள்வி. அந்த அமோனியாப் போத்தல் எப்போது தயாரித்தது? மூடி இறுக்கமாக இருந்ததா?

மூதூர்_வளவன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வெள்ளியைக் கரைப்பது பற்றிப் பேசுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன். மகளின் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போய்விட்டது. கடற்காற்றால் என்கிறார்கள். மருந்துக் கடையில் அமோனியா வாங்கி ஊறவைத்தால் கறுப்பு போகுமா? கொலுசும் சேர்ந்து கரைந்துவிடுமா என்று பயமாகவும் இருக்கிறது.

தாழை

வளவன் அண்ணா, கொலுசு கரையாது, கறுப்பும் போகாது. அந்தக் கறுப்பு வெள்ளிச் சல்பைட்டு. காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளால் வருவது, உப்புக் காற்றால் மட்டும் அல்ல. அதன் கரைதிறன் பெருக்கம் ஏறக்குறைய 6×10⁻⁵¹. மேலே செய்த அதே பெருக்கலை இதற்குச் செய்தால் (இரண்டு வெள்ளி இருப்பதால் β2 ஐ வர்க்கிக்க வேண்டும்) K 10⁻³⁶ பக்கம் வருகிறது. எவ்வளவு அடர்ந்த அமோனியா ஊற்றினாலும் அசையாது.

பாத்திரம் ஒன்றில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் கொலுசு தாளைத் தொடும்படி வைத்து, அப்பச்சோடா போட்ட சுடுநீரை ஊற்றுங்கள். அங்கே நடப்பது கரைதல் அல்ல. சல்பைட்டை அலுமினியம் திரும்பவும் வெள்ளியாகத் தாழ்த்துகிறது. கல் பதித்த கொலுசு என்றால் செய்ய வேண்டாம்.

நிலா_உப்புவெளி

தாழை அக்கா, போத்தல் பற்றிச் சரியாகக் கேட்டீர்கள். களஞ்சிய அறையில் இருந்தது. மேலே தகரக் கூரை, யன்னல் இல்லை. போத்தல் பாதிக்கும் கீழே. மூடி கண்ணாடித் தக்கை, கையில் எடுத்தபோதே ஆடியது. திகதி எழுதவில்லை.

தாழை

அப்படியானால் அது இப்போது 2 மூலர் அல்ல. நம் ஊர் வைகாசி, ஆனி வெயிலில் அப்படி ஒரு அறையில் இருந்தால் அமோனியா வாயுவாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். போத்தலில் வெற்றிடம் கூடக்கூட இன்னும் வேகமாகப் போகும். அடர் அமோனியாவில் இது இன்னும் மோசம்.

கண்டுபிடிப்பது சுலபம். குழாயியால் 5.00 மி.லீ. அமோனியாவை எடுத்து, கொஞ்சம் நீர் ஊற்றி, மெதையில் செம்மஞ்சள் இரண்டு துளி விட்டு, 0.50 மூலர் ஐதரோக்குளோரிக் அமிலத்தால் நியமித்துப் பாருங்கள். உண்மையில் 2 மூலர் என்றால் 20 மி.லீ. போகும். பினோத்தலீன் பாவிக்க வேண்டாம். முடிவுப் புள்ளியில் இருப்பது அமோனியம் உப்பு, கரைசல் சற்று அமிலமாக இருக்கும், பினோத்தலீன் அதற்கு முன்பே நிறம் இழந்துவிடும். வாயால் குழாயியை உறிஞ்சவும் வேண்டாம், இறப்பர்க் குமிழ் இருந்தால் அதைப் பாவியுங்கள்.

பழைய_ஸ்ரூடியோ

இதை வாசிக்க வாசிக்க என் தொழில் ஞாபகம் வருகிறது. நகரில் பல வருடம் கறுப்பு வெள்ளைப் படம் கழுவியவன் நான். எங்களிடம் அமோனியா இல்லை, ஹைப்போதான். படச்சுருளில் ஒளிபடாத வெள்ளிப் புரோமைட்டு முழுவதையும் அது நிமிடக் கணக்கில் கரைத்துவிடும். பாலாக இருந்த சுருள் கண்ணுக்கு முன்னாலேயே கண்ணாடியாகும். அமோனியாவால் ஏன் அது முடிவதில்லை?

இன்னொன்று. பழைய ஹைப்போவில் கிலோக் கணக்கில் வெள்ளி போகிறது என்று அப்போதே பேசிக்கொள்வோம். இன்னும் ஒரு கலன் வீட்டில் கிடக்கிறது. கடல் தண்ணீர் முழுக்கக் குளோரைட்டுத்தானே, உள்துறைமுகத்தில் ஒரு வாளி அள்ளி ஊற்றினால் வெள்ளிக் குளோரைட்டாக அடியில் படியாதா?

தாழை

அண்ணா, உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே பெருக்கல்தான் விடை.

வெள்ளிப் புரோமைட்டின் Ksp 5×10⁻¹³. அமோனியாவின் β2 ஆல் பெருக்கினால் 8.5×10⁻⁶, வர்க்கமூலம் 0.0029. நிலாவின் கணக்குப்படியே, 1 மில்லிமூல் புரோமைட்டைக் கரைக்க 340 மில்லிமூலுக்கு மேல் அமோனியா மிஞ்சி நிற்க வேண்டும். உங்கள் ஹைப்போ என்பது தயோசல்பேற்று, அதன் β2 ஏறக்குறைய 2.9×10¹³. அதே புரோமைட்டோடு பெருக்கினால் K 14 க்கு மேல். ஒன்றைத் தாண்டிவிட்டது! இங்கே இழுபறியில் இணையிதான் வெல்கிறது. 0.1 மூலர் தயோசல்பேற்றில் 0.044 மூலர் புரோமைட்டு கரையும். கொடுத்த தயோசல்பேற்றில் பெரும்பகுதி பிணைப்பிலேயே செலவாகிறது, சும்மா மிஞ்ச வேண்டியது கொஞ்சம்தான். ஹைப்போ வெள்ளி உப்புகளைக் கரைக்கிறது என்று ஜோன் ஹேர்ஷல் 1819 இலேயே கண்டிருந்தார். இருபது வருடம் கழித்துத்தான் ஒளிப்படக் கலைக்கு அது தேவைப்பட்டது.

இப்போது கடல் தண்ணீர். ஹைப்போவுக்குள் குளோரைட்டை ஊற்றுவது, வெள்ளிக் குளோரைட்டை ஹைப்போவில் கரைப்பதன் மறுதலை. அந்த K 1.8×10⁻¹⁰ ஐ 2.9×10¹³ ஆல் பெருக்க 5000 க்கு மேல் வரும். படியாது. ஒரு வாளி அல்ல, கொட்டியாரக் குடாவையே ஊற்றினாலும் ஐதாகுமே தவிர அடியில் ஒன்றும் சேராது.

சரி, ஹைப்போ இல்லாத வெறும் வெள்ளி நைத்திரேற்றுக் கழிவுக்காவது கடல் நீர் ஊற்றலாமா என்று கேட்டால், அங்கும் ஒரு பொறி இருக்கிறது. குளோரைட்டும் வெள்ளிக்கு இணையிதான். கொஞ்சம் குளோரைட்டு வெள்ளியை வீழ்படிவாக்கும். நிறையக் குளோரைட்டு அதையே AgCl2- ஆக்கித் திரும்பக் கரைக்கும். கரைதிறன் மிகக் குறைவாக இருப்பது குளோரைட்டு 0.0025 மூலர் அளவில், அங்கே லீற்றருக்கு ஏறக்குறைய 0.05 மில்லிகிராம் வெள்ளிதான் கரைசலில் தங்கும். கடல் நீரில் குளோரைட்டு 0.55 மூலர் பக்கம். AgCl2- மட்டுமே எடுத்தாலும் (β2 1.8×10⁵) லீற்றருக்கு 2 மில்லிகிராம் போய்விடும், தூய நீரில் போவதைவிடக் கூட. அதற்கு மேல் மூன்று குளோரைட்டு பிடித்த அயனும் உண்டு. அதன் மாறிலிக்கு அட்டவணைக்கு அட்டவணை வேறு எண் தருவதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

உங்கள் கலனில் இருந்து வெள்ளி எடுக்க, பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருளைப் போட்டு வைப்பதுதான் பழைய வழி. இரும்பு கரையும், வெள்ளி சேறாகப் படியும்.

பழைய_ஸ்ரூடியோ

கம்பிச் சுருள் போடுபவர்களைக் கண்டிருக்கிறேன், ஏன் என்று இன்றுதான் விளங்கியது. இன்னும் ஒன்று: ஹைப்போ பழசானால் படம் அன்று நன்றாகவே இருக்கும், பிறகு பழுப்பாகத் திட்டுத்திட்டாக வரும். கல்யாணப் படம் கொண்டுவந்து சண்டை பிடிப்பார்கள்.

தாழை

அதுவும் மிஞ்சிய இணையியின் கதைதான் அண்ணா. நிறையப் படம் கழுவியபின் சும்மா நிற்கும் தயோசல்பேற்று குறைந்துவிடும். வெள்ளிக்கு இரண்டு தயோசல்பேற்றுக்குப் பதில் ஒன்றுதான் கிடைக்கும். அப்படி வரும் சேர்வை நன்றாகக் கரையாது, தாளின் நாருக்குள் தங்கிவிடும். நாள் போகப் போகச் சிதைந்து சல்பைட்டாகும். வளவன் அண்ணாவின் கொலுசுக் கறுப்பும் இதுவும் ஒரே பொருள்.

நிலா_உப்புவெளி

நியமித்துப் பார்த்தோம்! 0.50 மூலர் அமிலம் 16.1 மி.லீ. போனது. அப்படியானால் அமோனியா 1.61 மூலர். 29.6 ஐ 1.61 ஆல் வகுத்தால் 18.4 மி.லீ. நாங்கள் எடுத்தது 18 பக்கம். சரியாக வந்துவிட்டது அக்கா! கணக்கன் அண்ணா, அளவி வாசிப்பில் பிழை இல்லை.

கணக்கன்_தம்பலகாமம்

சரி, அளவியை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். அமோனியா ஒவ்வொன்றாகத்தானே பிணைகிறது? Ag(NH3)+ என்று ஒன்றும் இருக்குமே, அதை ஏன் யாருமே கணக்கில் சேர்க்கவில்லை?

தாழை

நல்ல கேள்வி. இரண்டாவது அமோனியா பிணையும் மாறிலி ஏறக்குறைய 8000. மிஞ்சிய அமோனியா 0.6 மூலர் இருக்கும் கரைசலில், ஒற்றை அமோனியா அயன் ஒன்றுக்கு இரட்டை அயன் கிட்டத்தட்ட 5000. விட்டுவிடலாம். ஆனால் மிஞ்சிய அமோனியா 0.001 மூலர் என்றால் ஒன்றுக்கு எட்டு. அங்கே விட்டுவிட்டால் விடை கெடும்.

நிலா, உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 18.4 க்கு 18 பொருந்தியதில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருக்கிறது. கழுவாத குளோரைட்டு, அமிலம், இளைத்துப்போன அமோனியா, இந்த மூன்றும் உறுதியான காரணங்கள். அவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் β2 க்கு 1.1×10⁷ என்று தரும் புத்தகங்களும் இருக்கின்றன. அதைப் போட்டால் விடை 22 மி.லீ. அளவுக்கு ஏறுகிறது. மறுபக்கம், உங்கள் கரைசலில் நேர் அயன்களும் எதிர் அயன்களும் தலா 0.08 மூலர் அளவில் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று சூழ்ந்து நிற்பதால் சிக்கல் அயனும் குளோரைட்டும் தங்கள் செறிவைவிடக் குறைவாகவே செயற்படுகின்றன. அதைச் சேர்த்தால் விடை 15 வரை இறங்குகிறது. வெப்பநிலையும் 25 பாகை அல்ல. ஆனால் அது அவ்வளவு தொந்தரவு தராது: சூடு கூடினால் வெள்ளிக் குளோரைட்டு கூடக் கரையும், அமோனியாப் பிணைப்பு தளரும், இரண்டும் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, கடைசித் துகள் கரைய நேரம் எடுக்கும். ஒரு மி.லீ. விட்டபின் ஐந்து நிமிடம் கலக்கிவிட்டு அடுத்ததை விட்டீர்களா, உடனே விட்டீர்களா?

நிலா_உப்புவெளி

உடனே உடனேதான் விட்டோம். மணி அடிக்கப் போகிறது என்ற அவசரம்.

தாழை

அப்படியானால் உண்மையான அளவு 18 ஐவிடக் குறைவாக இருக்கலாம். அயன்களின் நெருக்கத்தைச் சேர்த்த கணக்கும் அந்தத் திசையில்தான் போகிறது. எவ்வளவு என்று மெதுவாக ஒருமுறை செய்தால்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

பிள்ளைகள் பேசுவதை வாசித்துக்கொண்டு வந்தேன். இரண்டு விடயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, பக்கத்து மேசையில் மிஞ்சிய சாம்பல். அந்தக் குழு வீழ்படிவை யன்னல் ஓரம் வெயிலில் வைத்திருக்கும். ஒளி பட்டால் வெள்ளிக் குளோரைட்டு ஊதாவாகி, பிறகு சாம்பலாகும். அது உலோக வெள்ளி. அமோனியா எவ்வளவு ஊற்றினாலும் கரையாது. மிஞ்சியது வெள்ளையாக இருந்தால் அமோனியா போதவில்லை, சாம்பலாக இருந்தால் மேலும் ஊற்றிப் பயனில்லை. நிறத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

இரண்டாவது, இதைத்தான் பதற்றத்தோடு எழுதுகிறேன். அந்தத் தெளிந்த கரைசலை என்ன செய்தீர்கள்? அமோனியாவும் வெள்ளியும் சேர்ந்த கரைசலை ஒருபோதும் போத்தலில் அடைத்து வைக்கக் கூடாது. நாள் போனால், வற்றினால், கறுப்பாக ஒன்று படியும். தொட்டாலே வெடிக்கக்கூடியது. அன்றன்றே ஐதான நைத்திரிக் அமிலம் சேர்த்து அமிலமாக்கிவிட வேண்டும். அமோனியா எல்லாம் அமோனியமாகும், பிடி விடும், வெள்ளைக் குளோரைட்டு திரும்ப வரும். அதை வடித்துத் தனியாக வைக்கலாம். குளோரைட்டுக்கான சோதனையில் கடைசியாக அமிலம் சேர்க்கச் சொல்வதும் இதே இரசாயனந்தான்.

நிலா_உப்புவெளி

சேர், பயமாகிவிட்டது. எங்கள் முகவையை ரீச்சர் அன்றே அமிலம் ஊற்றி வெள்ளையாக்கிவிட்டார். ஏன் என்று அப்போது கேட்கவில்லை. பக்கத்துக் குழுவினுடையது என்னவானது என்று நாளை காலையிலேயே கேட்கிறேன்.

சேர், இன்னொரு கேள்வி. பரீட்சையில் புரோமைட்டு "அடர் அமோனியாவில் கரையும், ஐதானதில் கரையாது" என்று எழுதுகிறோம். அது தாழை அக்காவின் 340 மில்லிமூலுடன் எப்படிப் பொருந்தும்?

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

மகள், சோதனைக் குழாயில் நீங்கள் எடுப்பது 0.1 மூலரில் 1 மி.லீ. அளவு, 0.1 மில்லிமூல். அதற்கு வேண்டியது ஏறக்குறைய 34 மில்லிமூல் அமோனியா. ஐதானது 2 மூலர் என்றால் 17 மி.லீ. குழாயில் அவ்வளவுக்கு இடமில்லை, அதற்கு முன்பே கையை எடுத்துவிடுவீர்கள். அடர் அமோனியா 15 மூலர் அளவில், 2.3 மி.லீ. போதும். அயடைட்டுக்கு அதே அடர் அமோனியா 170 மி.லீ. க்கு மேல் வேண்டும், அதனால் "கரையாது" என்கிறோம். கரையும், கரையாது என்பதெல்லாம் குழாயின் பருமனை வைத்துச் சொன்னது.

தாழை

சேர் சொன்னதோடு ஒரு வரி மட்டும். 15 மூலர் அமோனியாவில் இந்த மாறிலிகளை அப்படியே போடுவது துணிச்சலான காரியம். அவை ஐதான கரைசலுக்கு அளந்தவை. 2.3 என்பதை 2 க்கும் 3 க்கும் இடையில் எங்கோ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கன்_தம்பலகாமம்

சேர், பரீட்சையில் மொத்த அமோனியாவில் இருந்து பிணைந்த 2s ஐக் கழிக்காமல் விட்டால் புள்ளி போகுமா? எங்கள் வகுப்பில் கழிக்காமல்தான் செய்துகாட்டினார்கள்.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

புள்ளித் திட்டம் வருடத்துக்கு வருடம் மாறும், அதைப் பற்றி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கழிக்காமல் விடுவதானால் ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அமோனியாவில் புரோமைட்டுக்கு விடலாம், ஒரு வீதம்கூடப் பிழை வராது. குளோரைட்டுக்கு விட்டால் பத்து வீதம். தயோசல்பேற்றில் புரோமைட்டுக்கு விட்டால், இருக்கும் இணையியைவிடக் கூடுதலான வெள்ளி கரைந்ததாக விடை வரும்.

நிலா_உப்புவெளி

பக்கத்துக் குழுவின் முகவை கழிவுத் தொட்டிக்கு அருகில் மூடாமல் இருந்ததாம். ரீச்சர் இன்று காலை அமிலம் ஊற்றிவிட்டார். வியாழக்கிழமை வீழ்படிவைக் கழுவி, இருட்டில் வைத்து, மெதுவாகத் திரும்பச் செய்ய அனுமதி தந்திருக்கிறார். புதிதாகக் கலந்த அமோனியா, நியமித்த பிறகு. தாழை அக்கா, கழுவிய வீழ்படிவுக்கு 10.1 என்றீர்கள். அயன் நெருக்கத்தைச் சேர்த்தால் எவ்வளவு எதிர்பார்க்க வேண்டும்?

தாழை

கழுவியபின் அயன்கள் குறைவு, ஆகவே திருத்தமும் சின்னது. 8 க்கும் 9 க்கும் இடையில் தெளிந்தால் 1.7×10⁷ என்ற மாறிலியின் பக்கம் நிற்கலாம். 10 ஐத் தாண்டினால் 1.1×10⁷ சொன்ன புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். 0.5 மி.லீ. விட்டு ஐந்து நிமிடம் கலக்குங்கள். கழுவும் நீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும், கிணற்று நீர் வேண்டாம். உப்புவெளிக் கிணறுகளில் குளோரைட்டு தாராளமாகவே இருக்கும்.